நீல விளக்கில் எடுத்த ஷால்

*எனக்கு 44 வயது. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூருக்கு ஆபீஸ் போகிறேன். கோதுமை நிறம், கண்ணுக்குக் கீழே கருவளையம். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்காத ஆள் இல்லை. சுடிதாருக்குச் சாம்பல், லாவண்டர் ஷால்தான் போடுகிறேன். வீட்டில் பளிச்சென்று தெரிகிறது, ஆபீஸில் பார்த்தால் முகம் இன்னும் வாடிக் கிடக்கிறது. தங்கை கொடுத்த பீச் கலர் ஷால் ஒன்று இருக்கிறது, அது மங்கல் என்று தொடுவதில்லை. நாலரைக்கு எழுந்து சமையலை முடித்து, வீட்டுக்காரரும் பையனும் (23 வயது, வேலைக்குப் போகிறான்) முழித்துக்கொள்ளக் கூடாதே என்று நீல நைட் லேம்ப் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுவேன். முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரிய எந்த நிறம் வாங்கலாம்?*
*— வாசகி, குடியாத்தம்*

எதையும் வாங்க வேண்டாம். கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, நீல நைட் லேம்ப், அங்கேதான் கோளாறு.

ஏம்மா, நம் ஊரில் புடவை எடுக்கப் போனால் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? லாங் பஜார் கடையில் எத்தனை டியூப் லைட் எரிந்தாலும் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பார்கள், கடைக்காரர் முறைத்தாலும் விடமாட்டார்கள். அந்த வழக்கம் தெரிந்த நீங்கள் தினமும் முகத்துக்குப் பக்கத்தில் போடுகிற துணியை நீல வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள். நீல விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம் எல்லாம் செத்துப்போகும், ஏனென்றால் அந்தத் துணி திருப்பி அனுப்ப வேண்டிய வெளிச்சமே அந்த விளக்கில் கிடையாது. அரக்கு கறுப்பாகத் தெரியும், பீச் அழுக்குத் துணி மாதிரி தெரியும். சாம்பலும் லாவண்டரும் மட்டும் பளபளவென்று எழுந்து நிற்கும். போதாததற்கு, இருட்டில் நம் கண்ணும் சிவப்பைவிட நீலத்தைத்தான் பிரகாசமாகக் காட்டும். ஆக, உங்கள் நிறத்துக்கு ஆகாததையே நாள் தவறாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறீர்கள். தங்கை பாவம், சரியாகத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

ஆபீஸில் என்ன நடக்கிறது என்றால், வெளிச்சம் தலைக்கு நேர் மேலே இருந்து விழுகிறது. புருவத்தின் நிழல் கண்ணுக்குக் கீழே இறங்கும், மூக்கிலிருந்து வாயோரம் போகிற கோடு ஆழமாகும், தாடைக்குக் கீழே இருட்டிவிடும். இதற்குக் கீழேயிருந்து கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கக்கூடியது கழுத்தில் கிடக்கிற துணி ஒன்றுதான். அது தன் மேல் விழுகிற வெளிச்சத்தைத் தன் நிறத்தோடு சேர்த்து முகத்தில் தெளிக்கும். கோதுமை நிறத்தில் வருகிற கருவளையம் பெரும்பாலும் பழுப்பும் ஊதாவும் கலந்தது. அதன் பக்கத்தில் லாவண்டரை வைத்தால் ஊதாதான் தூக்கும். சாம்பலுக்குச் சொந்த நிறமே இல்லாததால் நம் தோலில் உள்ள மஞ்சள் சோகை மாதிரி தெரியும். பீச், பவழம், பழுத்த பப்பாளியின் உள்நிறம், இதெல்லாம் அந்த ஊதாவைக் கொஞ்சம் அடக்கும். கல்யாண மேக்கப் போடுகிறவர்கள் பவுண்டேஷனுக்கு முன்னால் கண்ணுக்குக் கீழே ஆரஞ்சு கலரில் ஒன்றைத் தடவுவதும் இதற்காகத்தான்.

நான் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல், நேர் வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பவுடர் கூடாது, முடியை இழுத்துக் கட்டுங்கள், தோளைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு, கையில் கண்ணாடி. இருக்கிற ஷால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முகவாய்க்குக் கீழே பிடித்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். ஷாலைப் பார்க்கக் கூடாது, அதில்தான் எல்லோரும் ஏமாறுவது. கண்ணுக்குக் கீழ், வாயோரக் கோடு, தாடையின் விளிம்பு, இந்த மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். ஆகிற நிறத்தில் கோடு இளகும், உதட்டுக்குச் சொந்தச் சிவப்பு வரும். ஆகாத நிறத்தில் முதலில் கண்ணில் படுவது ஷால், அப்புறம்தான் முகம். செல்போனில் படம் எடுத்து முடிவு பண்ணாதீர்கள், ஒவ்வொரு துணிக்கும் அது தானாகவே நிறத்தை மாற்றிக் காட்டும்.

என் பீரோவில் ரோஸ் ஷால் இரண்டு இருக்கின்றன. ஒன்று வாடாமல்லிப் பக்கம் சாய்ந்த ரோஸ், இன்னொன்று செங்கல் பக்கம் சாய்ந்தது. பெயருக்கு இரண்டும் ரோஸ்தான். முதலாவதைப் போட்டால் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருப்பேன், இரண்டாவதில் நன்றாகத் தூங்கி எழுந்தவள். அதனால் நிறத்தின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வெள்ளையும் அப்படித்தான். சலவை வெள்ளை வெளிச்சத்தைத் தரும், ஆனால் பக்கத்தில் முகத்தைக் கறுக்கக் காட்டும், பால் ஏடு மாதிரி வெள்ளை போதும். கறுப்பும் அரக்கும் வெளிச்சத்தைக் குடித்துவிடும், அவை பஸ்ஸுக்கு ஆகட்டும். கே.வி.குப்பம் தாண்டி காட்பாடி வருவதற்குள் விழுகிற தூசிக்கு அதைச் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் வாசலில் நல்லதை மாற்றுங்கள்.

இன்னொன்று. மடிப்பு வைத்து ஒரு தோளில் பின் குத்தித் தொங்கவிட்டால் எந்த நிறமும் முகத்துக்கு உதவாது. முகவாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் துணி இருக்க வேண்டும், கழுத்தைச் சுற்றித் தளர்வாக ஒரு சுற்று. வேலூர் வெயிலுக்கு மல்மல் பருத்தி தாங்கும். சாட்டின் வேண்டாம், மினுக்கம் திட்டுத் திட்டாக விழுந்து எண்ணெய் வழிகிற மாதிரி காட்டும்.

ஷாலால் ஆகிறது இவ்வளவுதான், கருவளையம் அங்கேயேதான் இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே வெளிறி இருந்தால் ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபின் பாருங்கள், 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, அதற்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டு விஷயம். குடும்பத்துக்குப் பொங்கிப் போடுவது கடமை என்று நினைக்கிற பழைய ஆள்தான் நான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் சம்பாதிக்கிற 23 வயதுப் பையன் தூக்கம் கலையக் கூடாது என்று அம்மா தன் வீட்டிலேயே திருடி மாதிரி இருட்டில் துணி மாற்றுவது எந்தக் கடமையில் சேர்த்தி? அவனை அப்படி வளர்த்தது நீங்கள். நாளைக்கு வருகிற மருமகளும் அந்த இருட்டில்தான் தடவ வேண்டும், அந்தப் பாவம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொல்ல வருவதை அவரே இதைப் படித்தால் புரிந்துகொள்வார், படிக்கிற மாதிரி மேஜையில் போட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேறின ஷால்களைத் தனியாக மாட்டிவிட்டால் அப்புறம் இருட்டில் எடுத்தாலும் தப்பு வராது. இருந்தாலும் திங்கட்கிழமை நாலரைக்கு டியூப் லைட்டைப் போடுங்கள். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு "என்னம்மா?" என்று கேட்டால், தேங்காயையும் துருவியையும் அவன் கையில் கொடுங்கள்.