முதல் வருஷ எம்பிபிஎஸ்: டேப்லெட் இப்பவே வேணுமா?

கோபியிலிருந்து எழுதியிருக்கிற அண்ணாவுக்கு வணக்கமுங்க.

பாப்பாவுக்குப் பெருந்துறையில் சீட் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். சீனியர் பிள்ளைங்க எல்லாம் பேனாவோட டேப்லெட் வெச்சிருக்காங்க, மஞ்சள் வித்த காசுல உடனே வாங்கிக் கொடுத்துரட்டுமான்னு கேட்டிருக்கீங்க. முதல் வருஷத்துக்கு வேண்டாமுங்க. பணத்தை எடுத்து வைங்க, செகண்ட் இயர்ல வாங்கிக்கலாம்.

காரணம் அனாட்டமி. யுனிவர்சிட்டி தேர்வுல பேப்பர்லதான் எழுதணும், பென்சில்ல படம் போடணும். ரெக்கார்டு நோட்டும் கையாலதான். டேப்லெட்டுல கோடு தப்பினா ஒரு தட்டுல அழிஞ்சுரும், கஷ்டமான படத்தை வேற எங்கிருந்தாவது ஒட்டிக்கலாம். பார்க்க அழகா இருக்கும், ஆனா கை பழகாது. சந்தேகம்னா பாப்பாகிட்ட ஒரு வெள்ளை ஏ4 தாளைக் கொடுத்து, பிரேக்கியல் பிளெக்ஸஸைப் பார்க்காம வரையச் சொல்லுங்க. கழுத்திலிருந்து கைக்கு வர்ற நரம்புப் பின்னல் அது: சி5 முதல் டி1 வரை 5 வேர், 3 ட்ரங்க், 6 டிவிஷன், 3 கார்டு, அப்புறம் கிளைகள். எந்த இடத்துல பென்சில் நிக்குதோ அந்த இடம் இன்னும் படிக்கலைன்னு அர்த்தம்.

கையால எழுதினாத்தான் மனசுல நிக்கும்னு ஆராய்ச்சியே சொல்லுதுன்னு யாராவது சொல்லுவாங்க. 2014-ல வெளியான அந்தப் பிரபல ஆய்வு, லேப்டாப்ல டைப் பண்றதையும் கையால எழுதுறதையும்தான் ஒப்பிட்டுது. அதைத் திரும்பச் செஞ்சு பார்த்தவங்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கலை. டேப்லெட்டுல பேனாவால எழுதறதும் கையெழுத்துதானே. அதனால அந்த ஆய்வை வெச்சு முடிவு எடுக்க வேண்டாம், தேர்வு நடக்கிற விதத்தை வெச்சு எடுங்க.

நோட்டு விஷயத்துல மட்டும் ஒரு மாற்றம் பண்ணச் சொல்லுங்க. தைச்ச லாங் நோட்டு வேண்டாம், இடையில தாள் சேர்க்க முடியாது. கோடு போடாத ஏ4 தாளும் ரிங் ஃபைலும் வாங்கிக் கொடுங்க. ஒரு தலைப்புக்கு ஒரு எண்: கைப்பகுதின்னா UL-01, UL-02 இப்படி. வலது பக்கம் மட்டும் எழுதணும், இடது பக்கத்தைக் காலியா விடணும்.

அந்தக் காலி இடம் மேல் வருஷங்களுக்கு. பிரேக்கியல் பிளெக்ஸஸ் UL-03-ன்னு வெச்சுக்குங்க. பின்னால பிரசவத்துல குழந்தையோட தோள் சிக்கினா சி5, சி6 இழுபட்டு, கை தளர்ந்து போற எர்ப்ஸ் பால்ஸி வரும்னு படிப்பா. ஆர்த்தோவுல, ஹியூமரஸ் எலும்பு நடுவுல முறிஞ்சா ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிரும்னு வரும். சர்ஜரியில, மார்பக ஆபரேஷன்ல லாங் தொராசிக் நரம்பு வெட்டுப்பட்டா தோள்பட்டை எலும்பு பின்னால துருத்தும்னு வரும். இதுக்கெல்லாம் தனித்தனி நோட்டு போட்டா நாலு இடத்துல கிடக்கும். ஒவ்வொண்ணையும் ஒரே வரியா UL-03-ஓட இடது பக்கத்துல, எந்தப் பாடத்துல வந்துச்சுன்னு குறிச்சு எழுதணும். பிஜி நுழைவுத் தேர்வுக்குத் திருப்பும்போது அந்த ரெண்டு பக்கத்தைப் பார்த்தாப் போதும்.

செகண்ட் இயர்ல பேத்தாலஜி, ஃபார்மகாலஜி வந்ததும் பிடிஎஃப் குவியும். அப்ப டேப்லெட் நிஜமாவே உதவும். அங்கே பிள்ளைங்க மாட்டிக்கிறது ஒரே இடத்துலதான். சீனியர் வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்புவாங்க. பாப்பா அதை வாட்ஸ்அப்லயே திறந்து கொஞ்சம் கோடு போடுவா. அடுத்த வாரம் நோட்ஸ் ஆப்ல திறந்து மீதியைப் போடுவா. ஆப் தனக்குன்னு ஒரு நகல் எடுத்துக்கும். இப்ப ஒரே பாடம் ரெண்டு ஃபைல், பாதிக் குறிப்பு அதுல, பாதி இதுல. டவுன்லோட்ஸ்ல பேருக்குப் பின்னால (1), (2)-ன்னு நின்னா இது ஆரம்பிச்சிருச்சுன்னு புரிஞ்சுக்கலாம். வந்த பிடிஎஃப்பை நோட்ஸ் ஆப்புக்குள்ள ஒரே தடவை ஏத்தி, UL-03 மாதிரியே எண்ணோட பேர் வெச்சு, டவுன்லோட்ஸ்ல இருக்கிறதை அன்னிக்கே அழிச்சிரணும். ரிங் ஃபைலுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே எண்ணா இருந்தா, எதுல எழுதினோம்னு தேட வேண்டியதில்லை.

ஹைலைட்டுக்கு ரெண்டு நிறம் போதும். தேர்வுல கேட்டது ஒரு நிறம், தான் தப்பா பதில் போட்டது இன்னொரு நிறம். முதல் தடவை படிக்கும்போதே நிறம் போட ஆரம்பிச்சா பக்கம் முழுக்க மஞ்சளாயிரும், திருப்பும்போது எதுவும் கண்ணுல படாது.

இன்னொண்ணுங்க அண்ணா. கிளவுடுல சிங்க் ஆகுதுன்னு நம்பி இருந்துர வேண்டாம். இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். மாசம் ஒரு தடவை எல்லா நோட்டையும் ரெண்டு விதமா ஒரு பென்டிரைவ்ல எடுத்து வைக்கச் சொல்லுங்க: ஒண்ணு ஆப்போட சொந்த ஃபார்மேட், இன்னொண்ணு குறிப்புகளோட பிடிஎஃப். முதல் வகையிலதான் பின்னால திருத்த முடியும். ரெண்டாவது, வேற கம்பெனி டேப்லெட்டுக்கு மாறினாலும் திறக்கும்.