தெலுங்குத் திட்டை இரண்டு வரிக்குள் அடக்குவது எப்படி?

ஓசூர்ல எடுத்த தெலுங்குக் குறும்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுறேன். அடுக்கடுக்கா வர்ற திட்டு இரண்டு வரிக்குள்ள அடங்கல, சுருக்கினா சிரிப்பு போயிடுது. என்ன செய்யலாம்?

திட்டின் பொருளை விட்டுவிட்டு அதன் அமைப்பைப் பிடியுங்கள். "ஒரேய் வெதவா, சன்னாசி வெதவா, பனிகிமாலின வெதவா!" என்பதில் சிரிப்பு வருவது, கடைசிச் சொல் திரும்பத் திரும்ப விழுவதாலும் அடைமொழி நீண்டுகொண்டே போவதாலும்தான். "உருப்படாதவனே" என்று மூன்று முறை எழுதினால் நீளம் தாங்காது. இரண்டு அசையில் அடிக்கிற சொல் வேண்டும்:

```
41
00:04:10,200 --> 00:04:11,900
தண்டம்! வெட்டித் தண்டம்!

42
00:04:12,000 --> 00:04:13,700
ஒண்ணுக்கும் ஆகாத தண்டம்!
```

"சன்னாசி" போய்விட்டது, போகட்டும். ஏறுமுகம் நிற்கிறது, அதுதான் முக்கியம். ஒரே சப்டைட்டில் அட்டையில் மூன்றையும் போட்டால், நடிகர் வாய் திறக்குமுன்பே பார்வையாளர் கடைசி அடியைப் படித்துவிடுவார். அரங்கில் சிரிப்பு முந்திக்கொண்டால் காரணம் இதுதான். அதனால் மூன்றாவது திட்டை அவர் தொடங்கும் நொடியில் அடுத்த அட்டைக்கு வெட்டுங்கள். ஆனால் எந்த அட்டையும் ஒரு நொடிக்குக் குறையக் கூடாது, மினுக்கிவிட்டு மறையும்.

வரிக்கு 42 எழுத்து என்பது பரவலான வரம்பு. பெரும்பாலான மென்பொருள் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணும்: "தண்டம்" நமக்கு நாலெழுத்து, அதற்கு ஆறு. மேலே ஒவ்வொரு அட்டையும் 24. நொடிக்குப் பதினான்கு, நிதானமாகப் படிக்கலாம்.

கெட்ட வார்த்தை காதில் விழுவதைவிடத் திரையில் எழுத்தாக நிற்கும்போது கடுமையாகத் தெரியும். நண்பர்களுக்குள் கேலியாக வருவதை ஒரு படி இறக்குங்கள். நிஜச் சண்டையில் இறக்காதீர்கள்.