ப்ராம்ப்டில் நிறத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

“ஹட்டன் தேயிலைத் தோட்டப் படத்துக்கு #2E5D3A, #C1440E என்று ப்ராம்ப்டில் போட்டேன். சிவப்பு எடுபடவே இல்லை, எல்லாம் ஒரே பச்சையா வருது. என்ன செய்யலாம்?”

படம் உருவாக்கும் மாடல்கள் படங்களோடு சேர்ந்த சொல் விளக்கங்களைப் பார்த்துப் பழகியவை. அவற்றில் #2E5D3A போன்ற நிறக் குறியீடுகள் அரிது, அதனால் பல மாடல்களுக்கு இவை சரியாகப் பிடிபடாது. ‘தேயிலைத் தோட்டம்’ என்றாலே பச்சை தானாக வந்துவிடும். சிவப்பைத்தான் ஒரு பொருளோடு கட்ட வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“சாம்பல் கலந்த கரும்பச்சைத் தேயிலைச் சரிவு, வெளிறிய பனிமூட்டம், விடிகாலையின் மென்மையான ஒளி, அமைதியான உணர்வு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் செங்கல் சிவப்புச் சேலை மட்டும் அழுத்தமான நிறம்.”

உணர்வை ஒளியோடு சேர்த்துச் சொன்னால் நிறம் இன்னும் தெளிவாக மாறும். ‘அமைதி’ என்று மட்டும் போட்டால் பெரிய மாற்றம் வராமல் போகலாம்.

இன்னொன்று, உங்கள் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் குறைவு. வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், சேலை செடியிலிருந்து அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. ‘சேலைக்குப் பின்னால் வெளிர் மூட்டம்’ என்று சேர்த்தால் பிரிந்து தெரியும். சிவப்பு வானத்திலும் கசிந்தால், ‘சிவப்பு வேண்டாம்’ என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லே இன்னும் சிவப்பைக் கொண்டுவரலாம். ‘வெளிர்சாம்பல் வானம்’ என்று வானத்துக்கும் நிறம் கொடுங்கள்.

துல்லியமாக அதே #C1440E சிவப்பு வேண்டுமென்றால், படம் வந்த பிறகு எடிட்டிங்கில் சேலையை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள்.