மசாலாக் கடைக்கு இன்டர்ன் விளம்பரம் எழுதுவது எப்படி?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்ன மசாலாக் கடை வைத்திருக்கிறோம். "ஆன்லைன் வேலைக்கு ஆர்வமுள்ள இன்டர்ன் தேவை, மூன்று மாதம்" என்று போட்டோம். வந்த பிள்ளை இரண்டே வாரத்தில் நின்றுவிட்டாள். விளம்பரத்தில் என்ன தப்பு?

பதில்: "ஆன்லைன் வேலை" என்றால் நீங்கள் நினைத்தது ஒன்று, அவள் நினைத்தது வேறு. விளம்பரத்தில் வேலையின் பெயரைப் போடுவதைவிட, முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று போடுங்கள். உதாரணத்துக்கு: "கடையிலுள்ள 180 சரக்குகளுக்கும் படம், எடை, விலை, மூன்று வரி விவரம் சேர்த்து இணையக் கடையில் ஏற்றுவது."

இப்படி எழுதினால் கால அளவு தானாக வந்துவிடும். ஒரு சரக்குக்கு 25 நிமிடம் என்றால் 180 சரக்குக்கு 75 மணி. வாரம் 20 மணி வேலையில் 12 மணியை இதற்கு ஒதுக்கினால் ஆறு வாரத்துக்குச் சற்று மேலே ஆகும். பழகிக்கொள்ள முதல் இரண்டு வாரம், கடைசி நான்கு வாரம் வரும் ஆர்டர்களைக் கவனிக்க. மூன்று மாதம் சரிதான், ஆனால் கணக்குப் போட்ட மூன்று மாதம். மீதி எட்டு மணிக்கும் என்ன வேலை என்று சொல்லுங்கள். பார்சல் கட்டுவது என்றால் பார்சல் கட்டுவது என்றே எழுதுங்கள். "தேவைப்படும் பிற வேலைகள்" என்ற வரிதான் தீபாவளி நேரத்தில் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்கிறது. சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

யார் விண்ணப்பிப்பார்கள் என்பதையும் பாருங்கள். டிவெட் எனும் தொழிற்கல்விக் கல்லூரியில் வணிகப் பாடத்தில் என்6 என்ற கடைசி நிலையை முடித்தவருக்கு டிப்ளோமா கைக்கு வர 18 மாத வேலை அனுபவம் வேண்டும். உங்கள் மூன்று மாதம் அதில் ஒரு பகுதிதான். நடுவில் பதினெட்டு மாத இடம் கிடைத்தால் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் "மூன்று மாதம், நீட்டிப்பு இல்லை, உங்கள் வேலை அனுபவப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அனுபவக் கடிதம் தருவோம்" என்று வெளிப்படையாகப் போடுங்கள்.

சம்பளத்தை "பேசிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. அந்தக் கணக்கில் 20 மணிக்கு வாரம் 575.80 ராண்ட். பொதுவாக மார்ச்தோறும் இது மாறும், போடும் நாளன்று நடப்பிலுள்ள தொகையைப் பாருங்கள். டாக்சிச் செலவு தனியாகத் தருவீர்களா என்பதும் ஒரு வரி.

எதிர்பார்ப்புகளை எழுதும்போது, வரும்போதே தெரிந்திருக்க வேண்டியதையும் நீங்கள் கற்றுத்தருவதையும் பிரித்துவிடுங்கள். தெளிவாக ஆங்கிலத்தில் எழுதவும் போனில் நல்ல படம் எடுக்கவும் தெரிந்தால் போதும். இணையக் கடையில் ஏற்றுவதை நீங்கள் காட்டிக்கொடுக்கலாம். ஏழெட்டுத் திறமைகளை அடுக்கினால் கற்க வருபவர் படித்துவிட்டு ஒதுங்கிவிடுவார்.

விண்ணப்பத்தோடு, மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்றுக்கு மூன்று வரி விவரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் சும்மா வேலை வாங்குகிறார்கள் என்று நினைப்பார்கள்.