ஒருவர், சிலர், பலர்: அரிஸ்டாட்டிலின் ஆறு ஆட்சிகள் பற்றிக் கேள்வி பதில்

தேர்வுக்குப் படிக்கும் மாணவி: சார், கெட்டுப்போன பலர் ஆட்சிக்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயர் 'கும்பலாட்சி' என்று மாதிரித் தேர்வில் எழுதினேன். தப்பு என்று மார்க் குறைத்துவிட்டார்கள். ஏன்?

குறைத்தது சரிதான்மா. ஆனால் நீங்கள் எழுதியதும் முழுத் தப்பில்லை, ஆள்தான் மாறிவிட்டார். கும்பலாட்சி என்ற பெயர் பொலிபியஸ் கணக்கில் வருவது. அவர் கி.மு. 167-இல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர். அரிஸ்டாட்டில் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியவர்.

அரிஸ்டாட்டிலின் கணக்கில் மன்னராட்சி கெட்டால் கொடுங்கோலாட்சி. சிறந்தோர் ஆட்சி கெட்டால் ஒலிகார்கி, அதாவது சிலராட்சி. மூன்றாவதான பலர் ஆட்சியில்தான் பரீட்சை எழுதுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அங்கே கெட்ட வடிவத்தின் பெயரே 'டெமோக்ரதியா', நாம் ஜனநாயகம் என்கிறோமே அதே சொல். நல்ல வடிவத்துக்குத் தனிப்பெயர் இல்லை. எல்லா அரசமைப்புக்கும் பொதுவான 'பொலிதெயா' என்ற சொல்லையே அதற்கும் வைத்துவிட்டார். ஆள்கிறவர்கள் ஊர் நன்மைக்கு ஆள்கிறார்களா, தங்கள் நன்மைக்கா என்பதுதான் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் கோடு.

எதையும் நம்பாதவர்: 'எல்லாம் மக்கள் நன்மைக்கே' என்று சொல்லாத ஆட்சியாளன் எவன்? அந்தக் கோட்டை எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

நியாயமான கேள்வி. அரிஸ்டாட்டிலிடம் இதற்கு அளவுகோல் கிடையாது, அடையாளம் மட்டும் உண்டு. காவலுக்கு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறார். மன்னனுக்குக் காவல் நிற்பவர்கள் ஊர்க்காரர்கள், கொடுங்கோலனுக்குக் காவல் கூலிக்கு வந்த அயலார்.

இந்த அடையாளமும் ஏமாற்றும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்சைப் பிடித்த பெய்சிஸ்திராதோஸ் தன் உடம்பில் தானே காயம் உண்டாக்கிக்கொண்டு, எதிரிகள் அடித்துவிட்டார்கள் என்று மக்கள் முன் வந்து நின்றான். மக்களே வாக்களித்துத் தடியாட்களைக் காவலுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தடியாட்களை வைத்தே கோட்டையைப் பிடித்தான்.

கொடுங்கோலன் என்று பெயரெடுத்த அவன் ஆட்சியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஹைமெட்டஸ் மலைச் சரிவில் ஒரு குடியானவன் வெறும் கல்லாகக் கொத்திக்கொண்டிருந்தான். இதில் என்னப்பா கிடைக்கிறது என்று பெய்சிஸ்திராதோஸ் ஆள்விட்டுக் கேட்டான். "நோவும் வலியும்தான், அதிலும் பத்தில் ஒரு பங்கு பெய்சிஸ்திராதோசுக்குப் போகணும்" என்றான் குடியானவன், கேட்டது யார் என்று தெரியாமலே. அவனுக்கு வரியைத் தள்ளிவிட்டார்களாம். இந்தப் பெய்சிஸ்திராதோசை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? எனக்கு இன்றுவரை முடிவில்லை.

கணக்குப் படித்தவர்: மூன்று எண்ணிக்கை, இரண்டு தன்மை, ஆக ஆறு. சுத்தமான அட்டவணை. ஆனால் ஓர் ஊரில் பணக்காரர்களே பெரும்பான்மையாக இருந்து, அவர்கள் தங்களுக்காக ஆண்டால் அது எந்தக் கட்டம்?

அரிஸ்டாட்டிலும் இதைத்தான் கேட்டார், அதுவும் அட்டவணை போட்ட அடுத்த அத்தியாயத்திலேயே. பாடநூல்கள் அட்டவணையோடு நிறுத்திவிடுவதால் இது பலருக்குத் தெரிவதில்லை.

அவர் காட்டும் ஊர் கொலோபோன், இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பக்கம் இருந்த கிரேக்க நகரம். அண்டை நாட்டு லிதியர்களோடு போர் வருவதற்கு முன்பு அங்கே பெரும்பாலோர் பெரிய சொத்துக்காரர்கள். எண்ணிக்கைதான் கணக்கு என்றால் அது டெமோக்ரதியா ஆகியிருக்க வேண்டும். இல்லை என்கிறார் அவர். பணக்காரர்கள் சிலராகவும் ஏழைகள் பலராகவும் இருப்பது எல்லா ஊரிலும் அமையும் தற்செயல்தான். சொத்தின் பலத்தில் ஆண்டால், ஆள்பவர் எத்தனை பேரானாலும் அது ஒலிகார்கி. சொத்தில்லாதவர் கையில் அதிகாரம் இருந்தால் டெமோக்ரதியா. ஆக, தலையை எண்ணுவது போய் மடியைத் தடவிப் பார்ப்பதில் வந்து நிற்கிறது. அட்டவணையை அவர் தூக்கிப் போடவில்லை, ஆனால் இதற்குப் பிறகு அது பழைய அட்டவணை இல்லை.

அடுக்குமாடிவாசி: எங்கள் குடியிருப்பில் 120 வீடு. கூட்டத்துக்கு வருவது 15 பேர். அதே ஐந்து பேர் நான்கு வருஷமாகக் கமிட்டி. பராமரிப்புக் கணக்கு கேட்டால் முறைக்கிறார்கள். இது சிலராட்சிதானே? எங்கே புகார் கொடுப்பது?

புகார் கொடுக்க என்னிடம் முகவரி இல்லை ஐயா, உங்கள் சங்க விதிகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு ஆள் வராத தலைவலி ஏதென்சுக்கும் இருந்தது. செஞ்சாயம் தோய்த்த கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சந்தையில் நின்றவர்களை மக்கள் மன்றத்துக்கு ஓட்டுவார்களாம். பிறகு வருகிறவர்களுக்குக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள்.

அரிஸ்டாட்டில் இதை வழக்குமன்றத்தை வைத்து விளக்குகிறார். ஒலிகார்கியில் பணக்காரன் வராவிட்டால் அபராதம், ஏழை வந்தால் ஒன்றும் கிடையாது. அதனால் பணக்காரன் மட்டும் வருவான். டெமோக்ரதியாவில் ஏழைக்குக் கூலி உண்டு, பணக்காரனுக்கு அபராதம் இல்லை. அதனால் ஏழைகள்தான் நிறைவார்கள். இரண்டையும் சேர்த்து, இவனுக்கு அபராதம், அவனுக்குக் கூலி என்று வையுங்கள், இரு தரப்பும் வரும் என்கிறார். அவர் சொல்லும் பொலிதெயா இப்படிக் கலந்து செய்வதுதான். உங்கள் 105 வீட்டுக்காரர்கள் வராததற்கு அபராதமும் இல்லை, வந்தால் ஒரு காபியும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தம்பி, இதற்கெல்லாம் கிரேக்கம் எதற்கு? உத்திரமேரூர்க் குடவோலை முறை அரிஸ்டாட்டிலுக்கு முந்திய ஜனநாயகம் அல்லவா?

ஐயா, காலத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919-உம் 921-உம். அரிஸ்டாட்டிலுக்கு 1,200 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவை. ஆனால் அவர் உரைகல்லில் உரசிப் பார்க்க அருமையான சான்று. குலுக்கிப் போட்டு எடுப்பது டெமோக்ரதியாவின் வழி, வாக்களித்துத் தேர்வது ஒலிகார்கியின் வழி என்பது அவர் கருத்து. குடத்தில் ஓலையிட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது முதல் வகை. ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழுவதற்கே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. குடம் மக்களுடையது, அதன் வாய் சிலருடையது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவி: அப்படியானால் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நம் முறை அவருக்குச் சிலராட்சியா சார்?

தேர்தலை மட்டும் பார்த்தால் ஆமாம் என்றிருப்பார். சொத்துத் தகுதி இல்லாமல் எல்லாரும் வாக்களிப்பதைப் பார்த்தால் டெமோக்ரதியா பக்கமும் சாய்ந்திருப்பார். ஏதென்சிலேயே 500 பேர் அவைக்குக் குலுக்கல், பத்துத் தளபதிகளுக்கு வாக்கெடுப்பு என்று இரண்டும் இருந்தன. பரீட்சையில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள்.

எதையும் நம்பாதவர்: பெண்களையும் அடிமைகளையும் வெளியூர்க்காரரையும் வெளியே நிறுத்திவிட்டு என்னய்யா 'பலர்'?

மறுக்க மாட்டேன். அவர் சொல்லும் பலர், குடியுரிமை உள்ளவர்களில் பலர்தான். அடிமைத்தனத்தை இயற்கை என்று வாதாடியவரும் அவரே, அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது வடக்கே ஸ்தகிராவில். ஏதென்சில் அத்தனை வருஷம் பாடம் சொன்னாலும் அங்கே அவர் வெளியூர்க்காரர்தான். மன்றத்தில் அவருக்கும் வாக்கில்லை.