முகூர்த்தம் முழுக்க போனில் பதிவாக

"4கே-யில் எடுத்தேன், பவர் பேங்கும் போட்டிருந்தேன். அரை மணியில் போன் கொதித்து, பதிவு நின்றுவிட்டது. ஞாயிறு தங்கை கல்யாணம், என்ன செய்ய?"

4கே-யும் சார்ஜும் சேர்ந்ததுதான் வினை நண்பரே, இரண்டுமே சூடேற்றும். 1080p, 30fps வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு 16 ஜிபி காலியிடம் இருக்கட்டும். உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, 100% சார்ஜோடு தொடங்குங்கள். நடுவில் தேவைப்பட்டால் வேகமில்லாத 5 வாட் சார்ஜ் போதும்.

ஏரோபிளேன் மோடு கட்டாயம்; அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அறுந்துவிடும்.

டிரைபாடை ஹோமகுண்டத்துக்கும் ஃபோகஸ் லைட்டுக்கும் தள்ளி, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். மாலை மாற்றியதும் நிறுத்தி, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே புதிய பதிவைத் தொடங்குங்கள்.