நகை விலை ஏறினால் சேமிப்பு ஏறிவிடுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் சொத்துக் கணக்கு எழுதுவேன். கடன் போக நிகர மதிப்பு போன வருடம் 28 லட்சம், இப்போது 33.8 லட்சம். இதில் நகை மட்டும் 15 லட்சத்திலிருந்து 20.2 லட்சம் ஆகியிருக்கிறது. புதிதாக நகை வாங்கவில்லை. தம்பியின் தொழிலுக்காக நகையை அடகு வைத்து 3 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். போன ஜூலையில் புதுப்பித்தபோது அதே நகைக்கு இன்னும் 1 லட்சம் கிடைத்தது, அதையும் கொடுத்தேன். 10% வட்டியை நான்தான் கட்டுகிறேன். மகள் கல்லூரிக்கு 3 வருடத்தில் 6 லட்சம் வேண்டும். கையில் 1.8 லட்சம், ஆர்டி மாதம் 5,000. இங்கே செவ்வாய்ப்பேட்டையில் எல்லோரும் வெள்ளி பற்றியே பேசுகிறார்கள். ஆர்டியை நிறுத்திவிட்டு பங்குச் சந்தையில் வெள்ளி ஈடிஎஃப் வாங்கலாமா?

பதில்: மதிப்பு 5.8 லட்சம் கூடியதில் 5.2 லட்சம் தங்கத்தின் விலையேற்றம். மீதி 60 ஆயிரம்தான் உங்கள் ஆர்டி. கடன் 1 லட்சம் கூடியும் கணக்கில் அது தெரியவில்லை. தம்பியிடம் வரவேண்டியது என்று அதே 1 லட்சத்தைச் சொத்துப் பக்கம் எழுதியிருப்பீர்கள். இதுவரை வட்டிகூடத் தராதவரிடம் இருக்கும் பணத்தைச் சொத்தில் சேர்க்காதீர்கள், வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால், விலையேற்றம் போக இந்த வருடம் உங்கள் கணக்கு 40 ஆயிரம் இறங்கியிருக்கிறது.

இனி ஒவ்வொரு மார்ச்சிலும் நகையைப் போன வருட விலையிலேயே வைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அந்த ஆண்டில் நீங்கள் சேர்த்தது எவ்வளவு என்று அதில்தான் தெரியும். விலைக்கு எழுதும்போதும் செய்கூலி, சேதாரத்தைக் கழித்துவிடுங்கள், விற்றால் அவை திரும்பாது.

எனக்குக் கவலை தருவது அந்த ஜூலைப் பழக்கம். விலை ஏற ஏற அதே நகைக்குக் கடன் கூடுதலாகக் கிடைக்கும், தம்பிக்கும் அது தெரியும். 4 லட்சத்துக்கு 10% என்றால் வருடம் 40 ஆயிரம், மாதம் சுமார் 3,300. ஆர்டியில் ஆறரை, ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே பத்து கட்டுகிறீர்கள்.

மகள் கணக்கு: இப்போதைய வேகத்தில் 3 வருடத்தில் வட்டியோடு ஏறக்குறைய 4.15 லட்சம்தான் சேரும். வட்டியைத் தம்பியே கட்டி, அந்த 3,300-ஐயும் நீங்கள் ஆர்டியில் சேர்த்தால் 5.5 லட்சத்தை நெருங்கும். மீதியைச் சமாளித்துவிடலாம்.

ஈடிஎஃப் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் எல்லோரும் வெள்ளி பற்றியே பேசுகிறார்கள் என்பது காரணமாகாது. 2011-இல் உச்சம் தொட்ட வெள்ளி, 2015 முடிவில் டாலர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கிடந்தது. 3 வருடத்தில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை அதில் வைக்கக் கூடாது.

தம்பியிடம் இந்த வாரமே பேசுங்கள். ஏப்ரலிலிருந்து மாத வட்டி அவர் கணக்கிலிருந்து வரட்டும், ஜூலையில் கூடுதல் கடன் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் வட்டி வராவிட்டால், நீங்கள் போடாத நகையில் கொஞ்சம் விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். மனசு வலிக்கும்தான், ஆனாலும் செய்யுங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்துக்கு 12.5% வரி உண்டு. அதனால் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து, விற்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.